“இலக்கம் பிழை” என்று சொன்ன பிறகு வரும் பதில்

2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மட்டக்களப்பு மாவட்டத்தின் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கூட்டத்தை முடித்துக்கொண்டு புறப்படும் நேரத்தில், ஒரு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். வயது நாற்பதைத் தாண்டியவர். கணவர் கட்டாரில் வேலை. வீட்டில் தையல் மெஷினும், பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகளும். கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது வாங்கிய கைத்தொலைபேசிதான் அவரிடம் இருந்தது. அதை என் கையில் தந்து, “தங்கச்சி, இதுக்குள்ள என்ர வட்ஸ்அப் இல்லாமப் போயிட்டு. ஆனா என்ர பேரில ஆரோ எல்லாரிட்டயும் காசு கேக்கிறாங்க” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

நடந்ததை அவர் ஒழுங்காகச் சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. அதற்கு முந்திய மாதத்தில், ஒரே கிழமைக்குள் அவருக்குத் தெரியாத இலக்கங்களிலிருந்து இரண்டு செய்திகள் வந்திருக்கின்றன. இரண்டுமே இலக்கம் மாறி வந்தவை போலத்தான் இருந்தன. ஒன்று உண்மையாகவே தவறி வந்தது. மற்றது இவரைச் சோதித்துப் பார்க்க அனுப்பப்பட்டது. எது எது என்று அவர் நேர்மாறாக விளங்கிக்கொண்டார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தாலும் முதலில் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது செய்தி இரவு ஒன்பதே முக்காலுக்கு வந்தது. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. “காலமை 7 மணிக்கு 20 பேக் இறக்கவேணும். லொறிய பள்ளிக்கூட வளைவால கொண்டு வா. காசு பிறகு” என்று இருந்தது. அதைப் பார்த்து அக்கா பயந்துவிட்டார். இரவு நேரம், முரட்டுப் பேச்சு, “கொண்டு வா” என்ற ஏகவசனம். உடனே அந்த இலக்கத்தைப் பிளொக் பண்ணிவிட்டார்.

இரண்டாவது மூன்று நாள் கழித்து, பின்னேரம் நாலு மணிக்கு வந்தது. “வணக்கம் டொக்டர். அம்மாவின் ரிப்போர்ட் கிடைத்துவிட்டதா? நீங்கள் சொன்ன மருந்தால் இப்போது நன்றாகத் தூங்குகிறா. மிக்க நன்றி.” மரியாதையான எழுத்து. ஒரு நோயாளித் தாய். இவருக்கு மனம் இளகியது. “நீங்கள் இலக்கம் மாறி அனுப்பியிருக்கிறீர்கள், டொக்டருக்குத் திரும்ப அனுப்புங்கள்” என்று பதில் எழுதினார். நல்ல மனமுள்ள எவரும் செய்யக்கூடியதுதான். அதில் ஒரு பிழையும் இல்லை.

பிழை அதற்குப் பிறகு வந்ததை வாசித்த விதத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் இது: “ஐயோ, மன்னித்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது என்றால் ஏசியிருப்பார்கள். நீங்கள் மிகவும் நல்லவர் போல இருக்கிறது. எந்த ஊர் நீங்கள்?”

வாசகிகளே, இந்தப் பதிலில் ஒன்றைக் கவனியுங்கள். தாயின் மருத்துவ அறிக்கைக்காகக் காத்திருந்த ஒருவர், செய்தி டொக்டருக்குப் போய்ச் சேரவில்லை என்று அறிந்தவுடன் என்ன செய்வார்? சரியான இலக்கத்தைத் தேடி ஓடுவார். இவருக்கோ டொக்டரும் மறந்துபோயிற்று, அம்மாவும் மறந்துபோயிற்று. அக்காவின் ஊர் எது என்பதுதான் தேவைப்பட்டது.

தவறி அனுப்பியவரின் பதற்றம் முழுவதும் அவருடைய சொந்த விடயத்திலேயே இருக்கும். சோதிப்பவரின் அக்கறை முழுவதும் உங்களில் இருக்கும். முதல் செய்தியைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஏமாற்றுபவர்களும் இப்போது டொக்டர், ரிப்போர்ட், கல்யாண வீட்டுப் பந்தல் என்று உண்மை போன்ற விவரங்களைப் போட்டே எழுதுகிறார்கள். “இலக்கம் பிழை” என்று நீங்கள் சொன்ன பிறகு வருகின்ற அந்த இரண்டாவது செய்திதான் ஆளைக் காட்டித்தரும்.

இதை எனக்குக் கற்றுத்தந்தது நான் படித்த சமூகவியல் அல்ல, நானே செய்த ஒரு தவறு. சில வருடங்களுக்கு முன்பு, ஒரு குடும்பப் பிரச்சினை பற்றி என்னுடன் வேலை செய்பவருக்கு எழுதிய குறிப்பொன்றை, அதே பெயருள்ள வேறொருவருக்கு அனுப்பிவிட்டேன். பெயர் எதுவும் அதில் இல்லாதது நல்ல காலம். அனுப்பிய மறு நிமிடம் உள்ளங்கை வியர்த்துவிட்டது. உடனே அதை இரண்டு பக்கத்திலும் அழித்தேன். வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை இரண்டு நாட்களுக்குச் சற்று மேலான காலம் வரை அப்படி அழிக்கலாம். அழித்த அடையாளம் மட்டும் அங்கே நிற்கும். பிறகு அவருக்குத் தொலைபேசி எடுத்து, தவறி வந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். அவர் சாப்பிட்டாரா, எங்கே இருக்கிறார் என்று கேட்க எனக்கு அந்த நேரத்தில் நினைவே வரவில்லை. அந்த உரையாடல் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது என்றுதான் இருந்தது.

உண்மையான தவறுகள் எப்படி உண்டாகின்றன என்பதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. நமது நாட்டின் கைத்தொலைபேசி இலக்கங்கள் 07 இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். எழுதும்போது ஒன்று பிழைத்தாலோ, இரண்டு இடம் மாறினாலோ வேறொரு வீட்டுக்குப் போய்விடும். இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. ஒருவர் பாவிக்காமல் விட்ட இலக்கத்தைக் கம்பனிகள் சில காலத்துக்குப் பின் புதியவருக்குக் கொடுக்கின்றன. புது சிம் எடுத்த பிள்ளையொன்றுக்கு, வெவ்வேறு ஆட்கள் ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் அது பழைய சொந்தக்காரரைத் தேடி வருபவைதான். ஒரு தடவை சொல்லிவிட்டால் ஒவ்வொருவராக நின்றுபோவார்கள்.

ஆகவே சந்தேகம் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். “எந்த இலக்கத்துக்கு அனுப்ப நினைத்தீர்கள்?” என்று கேளுங்கள். உங்கள் பெயரையோ ஊரையோ சொல்லவேண்டாம். தவறி எழுதியவர் இலக்கத்தைச் சொல்வார், அதில் ஒன்றோ இரண்டோ மாறியிருப்பதை நீங்களே காண்பீர்கள். “இந்த இலக்கத்தைத்தான் தந்தார்கள்” என்றும் சிலர் உண்மையாகவே சொல்லக்கூடும், ஏனென்றால் துண்டில் எழுதும்போது பிழைத்திருக்கலாம். அதனால் இந்தக் கேள்வி ஒன்றே போதாது. கேள்விக்குப் பின் அவர் நிறுத்துகிறாரா, தொடர்கிறாரா என்பதைப் பாருங்கள். சோதிப்பவர் இலக்கத்தைச் சொல்லாமல், “அதை விடுங்கள், உங்களோடு கதைக்கக் கிடைத்தது என் அதிர்ஷ்டம்” என்று வழுவிப்போவார்.

அக்காவின் கதைக்கு வருவோம். ஊர் எது என்ற கேள்விக்கு அவர் மாவட்டத்தை மட்டும் சொன்னார். மறுநாள் காலை வணக்கம் வந்தது. பிறகு மழை பெய்யும் ஒரு வீதியின் படம். பிறகு “சாப்பிட்டீங்களா” என்ற கேள்வி. ஒன்பதாம் நாள், “கணவர் வெளிநாட்டிலா?” என்று வந்தது. இவர் ஓம் என்றார். அந்த உரையாடலை வைத்து நான் எண்ணிப் பார்த்தேன். காசு பற்றியோ, தவறான எண்ணம் பற்றியோ ஒரு சொல் வருமுன்பே, அந்த ஆளுக்கு ஆறு விடயங்கள் கிடைத்துவிட்டன. இலக்கம் பாவனையில் இருக்கிறது, பெண், மாவட்டம், கணவர் இல்லை, இரவு பத்து மணிக்கும் விழித்திருக்கிறார், பதில் எழுதாமல் இருக்க மனம் வராதவர். சோதனை என்பது இதுதான்.

நாம் எழுதாமலே நமது தொலைபேசி சொல்லிவிடும் விடயங்களும் உண்டு. வட்ஸ்அப்பில் ஒரு சாம்பல் நிறச் சரி அடையாளம் என்றால் செய்தி புறப்பட்டுவிட்டது. இரண்டு சாம்பல் என்றால் உங்கள் தொலைபேசிக்கு வந்து சேர்ந்துவிட்டது, அதாவது அந்த இலக்கத்தில் ஒருவர் இருக்கிறார். நீலமானால் வாசித்துவிட்டார். நீல நிறத்தை மறைத்து வைக்க வழி இருக்கிறது, ஆனால் இரண்டு சாம்பல் அடையாளத்தை மறைக்க முடியாது. முகப்புப் படம் இன்னும் அதிகம் பேசும். அக்காவின் படத்தில் பிள்ளைகள் இரண்டு பேரும் பாடசாலைச் சீருடையில், கழுத்துப்பட்டியோடு நின்றார்கள். அதைப் பார்த்தால் பாடசாலையின் பெயரையே சொல்லிவிடலாம். தொலைபேசியில் பெயர் போட்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் படம் தெரியும்படி மாற்றிக் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை.

பதினாறாம் நாள்தான் கடைசி அடி விழுந்தது. “ஒரு சின்ன உதவி. என் புதுப் போனுக்கு வரவேண்டிய ஆறு இலக்கக் குறியீடு தவறி உங்கள் இலக்கத்துக்கு வந்துவிட்டது. அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று எழுதினார். உண்மையாகவே குறுஞ்செய்தியில் ஆறு இலக்கங்கள் வந்திருந்தன. இவர் அதைப் பார்த்து எழுதி அனுப்பினார். சில நிமிடங்களில் அவருடைய வட்ஸ்அப் அவரை வெளியே தள்ளிவிட்டது.

அந்தக் குறியீடு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அவர் ஏமாந்திருக்கமாட்டார். ஒரு இலக்கத்தில் வட்ஸ்அப்பைத் திறக்க யாராவது முயலும்போது, அந்த இலக்கத்துக்கே குறியீடு வருகிறது. உங்கள் தொலைபேசிக்கு வந்தது உங்கள் வட்ஸ்அப்பின் திறப்பு. ஒருவர் தன் இலக்கத்தை எழுதும்போது உண்மையாகவே தவறி உங்கள் இலக்கத்தை எழுதியிருந்தாலும்கூட, உங்களுக்கு வந்த குறியீட்டால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அது அவருடைய கணக்கைத் திறக்காது, உங்களுடையதைத்தான் திறக்கும். ஆகவே “தவறி வந்துவிட்டது, சொல்லுங்கள்” என்று கேட்கும் எவருக்கும் அந்த இலக்கங்களைக் கொடுக்கக்கூடாது. தெரிந்தவரின் பெயரில் வந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் அவருடைய கணக்கு முதலிலேயே பறிபோயிருக்கலாம். இந்த ஒரு இடத்தில் மட்டும் சமிக்ஞைகளை வாசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கணக்கை எடுத்தவருக்கு அக்காவின் பழைய உரையாடல்கள் கிடைக்கவில்லை, அவை அவருடைய தொலைபேசியிலேயே இருந்தன. ஆனால் குழுக்கள் கிடைத்தன. பாடசாலைக் குழு, மாதர் சங்கக் குழு, சொந்தக்காரர் குழு என்று ஒவ்வொன்றிலும் உள்ளவர்களின் இலக்கங்கள் தெரிந்தன. “அவசரம், பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறேன், 25,000 ரூபாய் போடுங்கள், நாளைக்குத் தருகிறேன்” என்று எல்லோருக்கும் போயிற்று. தம்பியின் மனைவி போட்டுவிட்டார். அது அவர் கச்சான் விற்றுச் சேர்த்த காசு. திரும்பக் கிடைக்கவில்லை.

அன்று நாங்கள் செய்தது இதுதான். அதே தொலைபேசியில் அதே இலக்கத்தைக் கொடுத்து வட்ஸ்அப்பைத் திரும்பப் பதிவு செய்தோம். புதிய குறியீடு அக்காவின் குறுஞ்செய்திக்கு வந்தது. அதைப் போட்டவுடன் மற்றவர் வெளியேற்றப்பட்டுவிட்டார். ஆனால் அவர் உள்ளே இருந்த நேரத்தில் தன்னுடைய இரகசிய இலக்கமொன்றைப் போட்டு வைத்திருந்தார். அது தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்கவேண்டும். காத்திருந்தோம். அந்த ஏழு நாளும் ஒவ்வொருவருக்காகத் தொலைபேசி எடுத்து, காசு கேட்டது நானல்ல என்று அக்கா சொன்னார். பிறகு கணக்கு திறந்தவுடன், Settings இல் Account என்ற இடத்துக்குப் போய் Two-step verification என்பதில் அவருக்கென்று ஆறு இலக்கங்களைப் போட்டுக் கொடுத்தேன். இது முதலிலேயே இருந்திருந்தால், குறுஞ்செய்திக் குறியீட்டைக் கொடுத்திருந்தாலும் கணக்கை அவ்வளவு இலேசாக எடுத்திருக்க முடியாது.

எழுதியவர் யார்? தெரியாது. அவருடைய இலக்கம் +94 இல்தான் தொடங்கியது, ஆனால் சிம் யாருடையதாகவும் இருக்கலாம். உள்ளூர் இலக்கம் என்பதால் நம்பவும் முடியாது, வெளிநாட்டு இலக்கம் என்பதால் பயப்படவும் தேவையில்லை. நமது பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து எடுக்கும் இலக்கங்களும் அப்படித்தானே. உலகெங்கும் இப்படி இலக்கம் மாறியது போல எழுதுவதே ஒரு தொழிலாக நடக்கிறது. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இத்தகைய மோசடி வேலைகளில் பலவந்தமாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கூறியது. கணினி வேலை என்று நம்பிப் போய் மியன்மாரில் அகப்பட்ட இலங்கையர்களும் 2024 இல் மீட்கப்பட்டார்கள். “சாப்பிட்டீங்களா” என்று அன்பாகக் கேட்கும் விரல்களுக்குப் பின்னால், அடித்து வேலை வாங்கப்படும் ஒரு இளைஞன் இருக்கவும் கூடும். அதற்காக நாம் பதில் எழுதிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொரு வகைச் சோதனை உண்டு. அதைச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. தவறி வந்த செய்தி வேறு யாரையோ தெரிந்து வைத்திருக்கும். மோசடிக்காரரின் செய்திக்கு யாரையும் தெரியாது. ஆனால் சில செய்திகளுக்கு உங்களை நன்றாகத் தெரியும். “நேற்றுப் பச்சைச் சாரியில் வடிவாக இருந்தீங்க, பிழையாய் நினைக்காதீங்க, இலக்கம் மாறி வந்துட்டு” என்று வந்தால், அது மாறி வரவில்லை. பக்கத்திலுள்ள யாரோ அனுப்பியது. அல்லது யாரோ சொல்லி அனுப்பப்பட்டது. திருமணம் பேசி முடிந்திருந்த ஒரு தங்கைக்கு இப்படி இரண்டு கிழமை செய்திகள் வந்தன. மாப்பிள்ளையே தன் நண்பனைக் கொண்டு அவளைச் சோதித்திருக்கிறார். அவள் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. அதனால் “பாஸ்” பண்ணிவிட்டாளாம். அவர் அதைப் பெருமையாகவே சொன்னார். அந்தத் தங்கை என்னிடம் கேட்டது இதுதான்: “மிஸ், அவர் எழுதினதுக்கு நான் என்ன மார்க் போடுறது?” நான் பதில் சொல்லவில்லை. திருமணம் நடந்தது. நடந்திருக்க வேண்டுமா என்று எனக்கு இன்றும் கேள்விதான்.

கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணின் தொலைபேசியை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனால் தெரியாத இலக்கத்திலிருந்து ஏதும் வந்தால் எமது பெண்கள் முதலில் செய்வது அழிப்பது. அக்காவும் பாதியை அழித்துவிட்டிருந்தார். பிறகு முறைப்பாடு செய்யப் போனபோது காட்ட ஒன்றும் இருக்கவில்லை. இலக்கமும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வைத்துவிட்டுப் பிளொக் பண்ணுங்கள். பிளொக் பண்ணும்போதே ரிப்போர்ட் என்பதையும் அழுத்தினால் அவர் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் வரை வட்ஸ்அப் நிறுவனத்துக்குப் போகும். கணக்குப் பறிபோனால் இலங்கை கணினி அவசர பதிலளிப்புப் பிரிவின் 101 க்கும், தொந்தரவு என்றால் பெண்களுக்கான 1938 க்கும் எடுக்கலாம்.

வீட்டில் வன்முறை காரணமாகப் பிரிந்து வாழும் சகோதரிகளுக்கு மட்டும் வேறு விதமாகச் சொல்லவேண்டும். நீங்கள் “இலக்கம் பிழை” என்றுகூட எழுதவேண்டாம். புது இலக்கம் உங்களுடையதுதானா என்று அறிவதற்காகவே அந்தச் செய்தி வந்திருக்கலாம். ஒரு சொல்லும் பதில்தான். தெரியாத அழைப்பை எடுத்து “ஹலோ” சொல்வதும் பதில்தான், குரல் அடையாளம் சொல்லிவிடும்.

அக்காவின் தொலைபேசியில் பிளொக் பண்ணிய அந்த முதலாவது இலக்கத்தை நாங்கள் பிறகு எடுத்துவிட்டுப் பார்த்தோம். யாரோ ஒரு மேசன். சீமெந்து வராமல் அடுத்த நாள் வேலை நின்றிருக்கும் என்று அக்கா இன்றுவரை கவலைப்படுகிறார். “பாவம் தங்கச்சி, அந்த மனிசன் மரியாதை தெரியாதவர், அவ்வளவுதான்” என்றார்.

கடந்த மாதம் அந்தப் பக்கம் போனபோது, சிரித்துக்கொண்டே தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு செய்தி: “மச்சான் மாடு வித்தாச்சா?” இவர் “இலக்கம் பிழை” என்று மட்டும் எழுதியிருக்கிறார். “ஐயோ மன்னிக்கவேணும்” என்று பதில். அதன் கீழே இரண்டு கிழமையாக ஒன்றும் இல்லை.

“மாடு வித்ததோ என்னமோ தெரியாது” என்றார் அக்கா.